74 மெயிலுக்கு அடியில இன்னைக்கு நிலைமை என்ன

கேள்வி: அக்கா, செம்பனை ஆலையில சேர்ந்து மூணு நாள்தான் ஆச்சு. பாய்லர் மாத்துற புரோஜெக்ட் பாதியில நிக்குது, முன்னாடி பார்த்தவரு வேலைய விட்டுப் போயிட்டாரு. 90 மெயில் இருக்கிற திரெட்ட எனக்கு ஃபார்வர்ட் பண்ணி விட்டுட்டாங்க, படிக்கப் படிக்க தலை சுத்துது. இப்போ எந்த நிலைமையில இருக்குன்னு எனக்கே ஒரு சுருக்கம் எழுதி வச்சுக்கணும். எப்படி எழுதுறது?

தம்பி, எழுத உட்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கங்க, உங்க கையில இருக்கிறது முழு திரெட்டா இல்லையான்னு. கடைசி மெயில ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணா அதுக்கு அடியில பழைய மெயிலெல்லாம் வரிசையா தொங்கும், பாக்கிறவங்களுக்கு எல்லாமே வந்துட்ட மாதிரிதான் தெரியும். ஆனா அப்படி தொங்குறது அந்த ஒரு மெயிலுக்கு மேல போற கிளை மட்டும்தான். மெயில் பேச்சு நேர் கோடா போறதில்ல, மரம் மாதிரி கிளை விட்டு கிளை விட்டு போகும். ஒரே மெயிலுக்கு ரெண்டு பேரு தனித்தனியா பதில் போட்டிருந்தா ஒருத்தர் பதில்தான் உங்க கைக்கு வரும், இன்னொருத்தர் பதிலு அந்தப் பக்கமே நின்னுடும். அட்டாச்மென்ட்டும் அப்படித்தான், ரிப்ளை போட்டா பழைய ஃபைல் கூட வராது. அதனால ஆபீஸ்ல யாருக்கிட்ட எல்லா மெயிலும் இருக்கோ அவங்கள கேளுங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி `Forward as attachment` கொடுக்கச் சொல்லுங்க. ஜிமெயில்லயும் அவுட்லுக்லயும் இருக்கு அது. ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலா, அனுப்பின நேரம், யாருக்கு அனுப்பினாங்க, சிசில யாரு, ஃபைல் எல்லாம் அப்படியே வரும். சிசில யாரு இருக்காங்கங்கிறது ஏன் அவ்வளவு முக்கியம்னு கீழ சொல்றேன்.

ஜிமெயில்ல இன்னொரு விஷயம். ஒரு பேச்சு 100 மெயில தாண்டினா அது தானா ரெண்டா உடைஞ்சிடும், நடுவுல யாராச்சும் சப்ஜெக்ட்ட மாத்தினாலும் உடையும். அந்த 90 மெயிலு முழுசா, இல்ல உடைஞ்சதுல ஒரு துண்டான்னு தெரியணும்னா சப்ஜெக்ட்ட நம்பாம தேதிய வச்சு தேடுங்க, எல்லா மெயிலும் இருக்கிறவங்க பெட்டியில. நான் தேடினது இப்படி:

```
weighbridge has:attachment after:2024/11/01 before:2025/01/07
```

இத போட்டதும் வேற சப்ஜெக்ட்ல ஒளிஞ்சிருந்த ரெண்டு டிராயிங் வெளிய வந்துச்சு.

சரி, எல்லாம் கையில வந்தாச்சு. முதல்ல கடைசி அஞ்சாறு மெயில படிங்க. புரியலேன்னாலும் பரவால்ல, இவங்க இப்போ எதப் பத்தி அடிச்சுக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும். படிக்கும்போது பேப்பர்ல கேள்வியா எழுதுங்க, எத்தனை டன், எந்த மாசம் ஆலைய நிறுத்தறது, டெபாசிட் யாரு கட்டுறதுன்னு. 90 மெயில்ல இந்த மாதிரி கேள்வி அஞ்சு ஆறு தாண்டாது. அப்புறம் முதல் மெயிலுக்குப் போயி தேதி வரிசையா கீழ வாங்க, ஒவ்வொரு மெயிலும் அந்த அஞ்சாறு கேள்வியில எதத் தொடுதோ அதுக்குக் கீழ ஒரு வரி போடுங்க, ஒண்ணையுமே தொடலேன்னா விட்டுடுங்க. "4ஆம் தேதி இவரு இதச் சொன்னாரு, 6ஆம் தேதி அவரு அதச் சொன்னாரு"ன்னு மெயில் வரிசையில எழுதிட்டு வந்தீங்கன்னா அது நடந்த கதையாத்தான் இருக்கும், நாளைக்கு மேனேஜர் "இப்போ என்ன நிலைமை"ன்னு கேட்டா மறுபடியும் அத மேலேர்ந்து கீழ வரைக்கும் படிக்க வேண்டி வரும். நான் முதல்ல அப்படித்தான் எழுதினேன், அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

அதக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா எது முடிவு எது முடிவு மாதிரி தெரியிறதுங்கிற வித்தியாசம் அதுலதான் இருக்கு.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ஆலை ஆபீஸ்ல 2025 ஜனவரி 6ஆம் தேதி சேர்ந்தேன். லோரி எடை போடுற வேய்பிரிட்ஜ மாத்துற வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டிருந்த இன்ஜினியர் வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு, திரெட்டுல 74 மெயில். பழைய தராசு குழிக்குள்ள உட்கார்ற மாதிரி கட்டினது. நவம்பர் 13ஆம் தேதி குத்தகைக்காரர் முதல் கொட்டேஷன் அனுப்பியிருந்தாரு, 60 டன், 18 மீட்டர் நீளம், அதே குழிய சரி பண்ணி அதுலயே வைக்கிறதுன்னு. 20ஆம் தேதி ராத்திரி இன்ஜினியர் ஒரு மெயில் போட்டிருந்தாரு, மழைக்காலத்துல குழியில தண்ணி நிக்குது, அடியில எடைய அளக்கிற லோட்செல் கெட்டுப் போகுது, குழியே வேணாம், தரைக்கு மேல வச்சு ரெண்டு பக்கமும் லோரி ஏற சாய்வு கட்டிடலாம்னு. மறுநாள் காலையில, 21ஆம் தேதி, மேனேஜர்கிட்டேர்ந்து மெயில். ஒரே வரி. "ஓகே, ப்ரோசீட்."

ஸ்கிரீன்ல பாத்தா இன்ஜினியர் மெயிலு மேல, அதுக்கு நேர் கீழ மேனேஜரோட ஓகே. நான் என் சுருக்கத்துல "குழியில்லாத தராசு, மேனேஜர் ஒத்துக்கிட்டாரு"ன்னு எழுதிட்டேன், குத்தகைக்காரர்கிட்டயும் போன்ல அதையே சொல்லிட்டேன். அவரும் ஆள அனுப்பி சாய்வுக்கு இடம் அளந்து டிராயிங் போட ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு டிராயிங் மேனேஜர் மேசைக்கு வந்தப்போ அவரு கேக்கிறாரு, இது என்ன சாய்வு, குழியிலதான வைக்கப் போறோம்னு.

அப்புறம் அந்த ஓகே மெயில திறந்து, அடியில மூணு புள்ளி இருக்குமே, அத அழுத்தி உள்ள இருக்கிற பழைய மெயில பாத்தேன். அதுல இருந்தது இன்ஜினியர் மெயில் இல்ல, 13ஆம் தேதி கொட்டேஷன். மேனேஜர் ஒரு வாரம் கழிச்சு அந்தக் கொட்டேஷனுக்கு ரிப்ளை அடிச்சிருக்காரு. இன்ஜினியரோட ராத்திரி மெயில்ல டூ, சிசி பாத்தா மேனேஜர் பேரே இல்ல, குத்தகைக்காரர் ஒருத்தருக்கு மட்டும்தான் போயிருக்கு, ரிப்ளை ஆல் அழுத்த வேண்டியவரு ரிப்ளை அழுத்திட்டாரு. அப்படின்னா மேனேஜர் பாக்காத ஒரு யோசனைக்கு மேனேஜர் ஒத்துக்கிட்டதா நான் எழுதி வச்சிருக்கேன். தேதி வரிசையில அடுத்தடுத்து வந்ததால ஒண்ணு இன்னொண்ணுக்குப் பதில்னு நெனச்சுட்டேன். ரெண்டு வாரம் போச்சு, அளந்த கூலியும் போச்சு.

அதுலேர்ந்து, "ஓகே", "அப்ரூவ்ட்", "கோ அஹெட்"னு எந்த மெயில் வந்தாலும் மூணு இடத்துல கண்ண வச்சுட்டுதான் "முடிவு"ன்னு எழுதுவேன். அடியில இருக்கிற பழைய மெயில் எது, அதுதான் இவரு ஒத்துக்கிட்ட விஷயம். டூவும் சிசியும் யாரு, எத ஒத்துக்கிட்டதா சொல்றோமோ அது இவருக்குப் போயே இருக்கா. கடைசியா, பேசுறது எந்த ஃபைலு, கொட்டேஷன் முதல் தடவ அனுப்பினதா ரெண்டாவதா, ஏன்னா ஃபைல் பேரு பாதி நேரம் ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ள இருக்கிற தேதியையும் கொட்டேஷன் நம்பரையும் திறந்து பாத்தாதான் தெரியும். ஒரு மெயிலுக்கு ஒரு நிமிஷம் ஆகும். 74 மெயில்ல இப்படிப்பட்ட "ஓகே" மொத்தமே ஒன்பதுதான் இருந்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு, சில பேரு பதில மேல எழுதாம "கீழ சிவப்புல பாருங்க"ன்னு பழைய மெயிலுக்குள்ளயே எழுதுவாங்க. அந்த மெயில் அடுத்த ஆளு கைக்குப் போகும்போது நிறம் போயிடும், யாரு எழுதினது எதுன்னே தெரியாது. அந்த மாதிரி மெயிலுக்கு அவரு அனுப்பின ஒரிஜினலயே திறந்து படிங்க.

அடுத்தது நம்ம ஊரு மெயில்ல ஓடுற வார்த்தைங்க. "நோட்டட்"னு ஒருத்தர் போட்டா படிச்சேன்னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டேன்னு இல்ல. என் சுருக்கத்துல அத ஒத்துக்கிட்ட பக்கம் போடவே மாட்டேன். "கைண்ட்லி ரிவர்ட்"னா பதில் போடுங்கன்னு, பழையபடி மாத்துங்கன்னு இல்ல, வெளிநாட்டு சப்ளையர் ஒருத்தரு அத தப்பா எடுத்துக்கிட்டத நானே பாத்திருக்கேன். "கே.ஐ.வி"ன்னு போட்டா தள்ளி வச்சிருக்காங்க, வேணாம்னு சொல்லல. அதுக்கு சுருக்கத்துல தனி இடம் வைங்க, ஏன்னா ஆறு மாசம் கழிச்சு அது எழுந்து வரும், அப்போ உங்களத்தான் கேப்பாங்க. எல்லாத்தவிட கவனமா பாக்க வேண்டியது "ஆஸ் டிஸ்கஸ்ட்", "போன்ல பேசின மாதிரி". அந்த இடத்துல முடிவு மெயிலுக்கு வெளிய நடந்திருக்கு, போன்லயோ வாட்ஸ்அப்லயோ, இல்ல கோப்பிக்கடையில உட்கார்ந்தோ. மெயில எத்தனை தடவ படிச்சாலும் அது என்னன்னு வராது. அங்க ஊகிச்சு எழுதாம, "இங்க ஒரு முடிவு இருக்கு, எழுத்துல இல்ல, யாரு யாரு பேசினாங்க"ன்னு மட்டும் எழுதுங்க.

தேதியும் அப்படித்தான். "அடுத்த வெள்ளி"ன்னு இருந்தா அந்த மெயில் அனுப்பின நாள்லேர்ந்து எண்ணி, நாள், மாசம், வருஷத்தோட எழுதிடுங்க. எங்க திரெட்டுல டிசம்பர் 9ஆம் தேதி குத்தகைக்காரர் மெயில் ஒண்ணு, "லோட்செல் வர எட்டு வாரம் ஆகும், ராயாவுக்கு அப்புறம் வச்சுக்கலாம்"னு. 2025ல ராயா மார்ச் 31. ஆனா அதுக்கு முன்னாடி நவம்பர்ல ஹெட் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒருத்தர் "பழம் குறைவா வர்ற மாசத்துல, பிப்ரவரியில நிறுத்துங்க"ன்னு எழுதியிருந்தாரு. அது சரியான யோசனைதான், வருஷ ஆரம்பத்துல குலை வரத்து குறையும், செப்டம்பர் அக்டோபர் பக்கம்தான் ஏறும், ஆலைய எப்போ நிறுத்தினா நஷ்டம் கம்மின்னு எல்லாருக்கும் தெரியும். இப்போ இது ரெண்டுல எது நிலைமை? பின்னால வந்தது ராயா மெயிலு. அதுக்காக அதுதான் முடிவுன்னு சொல்லிட முடியாது, குத்தகைக்காரர் சொன்ன அந்தத் தேதிக்கு அக்கவுண்ட்ஸும் பதில் போடல, மேனேஜரும் பதில் போடல. யாருமே பேசலேன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்காதீங்க. நான் எழுதினது, "பிப்ரவரின்னு கேட்டாங்க, ராயாவுக்கு அப்புறம்னு குத்தகைக்காரர் சொல்றாரு, யாரும் பதில் சொல்லல, முடிவு இல்ல." நீளமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

ரெண்டாவது தடவ நான் எழுதின சுருக்கத்துலேர்ந்து கொஞ்சம் அப்படியே தரேன், பாத்தா புரியும்.

> 2025 ஜனவரி 24 நிலவரம்.
>
> குழியா மேலயா: முடிவு இல்ல. மேனேஜர் ஒத்துக்கிட்டது குழி (21 நவம்பர் மெயில், 13 நவம்பர் கொட்டேஷனுக்குப் பதில்). இன்ஜினியர் மேல வைக்கச் சொன்னது (20 நவம்பர்) மேனேஜருக்குப் போகல. காரணம் தண்ணி, லோட்செல். மேனேஜர்கிட்ட கேட்கணும்.
>
> கொள்ளளவு: 60 டன், 18 மீட்டர். முடிவு. ரெண்டு கொட்டேஷன்லயும் அதேதான், யாரும் மறுக்கல, மேனேஜரோட 21 நவம்பர் ஓகே இதுக்கும் சேரும்.
>
> எப்போ நிறுத்தறது: முடிவு இல்ல. பிப்ரவரின்னு கேட்டாங்க, நவம்பர் மெயில். 31 மார்ச் ராயாவுக்கு அப்புறம்னு குத்தகைக்காரர் சொல்றாரு, 9 டிசம்பர் மெயில். யாரும் பதில் சொல்லல.
>
> பழைய எடைக் கணக்கு புது கம்ப்யூட்டருக்கு: கே.ஐ.வி. 3 டிசம்பர்ல கிராணி கேட்டது, "அப்புறம் பாக்கலாம்"னு பதில்.

ஒவ்வொரு வரியிலயும் எந்த மெயில்ல இருந்து வந்துச்சுன்னு தேதி இருக்கு பாருங்க. நாளைக்கு யாராச்சும் "அப்படி நான் சொல்லல"ன்னா அஞ்சு வினாடியில அந்த மெயில எடுத்துக் காட்டலாம். கொள்ளளவு வரியில "ஓகே இதுக்கும் சேரும்"னு ஏன் எழுதினேன்னா, மேனேஜர் ஒத்துக்கிட்ட கொட்டேஷன்லயே 60 டன் இருக்கு. ஒரே ஓகே ஒரு கேள்வியில ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுது, இன்னொரு கேள்வியில ஆகல. கேள்வி வாரியா பிரிச்சதாலதான் அது கண்ணுல பட்டுச்சு.

பழைய கதையில எத வச்சுக்கிறது எத விடுறதுன்னு யோசிப்பீங்க. வேணாம்னு தள்ளின யோசனை மறுபடியும் யாரோ ஒருத்தர் வாயிலேர்ந்து வரும்னா மட்டும் அதத் தள்ளின காரணத்தோட ஒரு வரி வைங்க. குழியில தண்ணி நிக்கிற விஷயம் அப்படிப்பட்டது, விலை கொஞ்சம் குறையுதுன்னா குழியிலேயே வைங்கன்னு ஹெட் ஆபீஸ்ல யாராச்சும் சொல்வாங்க. மத்ததெல்லாம், யாரு லீவுல இருந்தா, யாரு யாரு மேல கோபப்பட்டான்னு, ஒரு வரி கூட வேணாம். எழுதி முடிச்சா ஒரு பக்கத்துக்குள்ள நிக்கணும். ரெண்டு பக்கம் போயிருந்தா மெயில் வரிசைக்குத் திரும்பிட்டீங்கன்னு வச்சுக்கங்க.

அப்புறம் ஆள்கிட்ட கேக்கிறது. சுருக்கத்த முழுசா யாருக்கும் அனுப்பாதீங்க, அது உங்களுக்கு எழுதினது, "முடிவு இல்ல", "இவருக்குப் போகல"ன்னு இருக்கிற வரிங்க மத்தவங்களுக்கு குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். முடிவு இல்லாத கேள்விய மட்டும் எடுத்து, முடிவு சொல்ற அதிகாரம் உள்ள ஒரு ஆள்கிட்ட, ஒரு மெயில்ல ரெண்டு இல்ல மூணு கேள்விக்கு மேல இல்லாம கேளுங்க. "நிலைமை என்ன சார்"னு கேட்டா பதிலே வராது. நான் மேனேஜருக்கு எழுதினது இப்படி: "சார், 21 நவம்பர்ல நீங்க ஓகே சொன்னது குழி வச்ச கொட்டேஷனுக்குன்னு நான் புரிஞ்சிருக்கேன். குழியில தண்ணி நிக்குதுன்னு இன்ஜினியர் 20ஆம் தேதி எழுதினது உங்களுக்கு வரல, கூட வச்சிருக்கேன். குழியா, மேலயான்னு சொல்லுங்க சார்." அன்னைக்கு சாயங்காலமே பதில் வந்துச்சு, மேலயே வைக்கலாம்னு. முன்னாடி வேலை பார்த்தவரு போன் எடுப்பாருன்னா அவர்கிட்டயும் கேளுங்க, ஆனா "ஆஸ் டிஸ்கஸ்ட்"ன்னு இருந்த ஓட்டைங்கள மட்டும். அவரு சொன்னத அன்னைக்கே "இன்னாரு இந்தத் தேதியில போன்ல சொன்னாரு"ன்னு எழுதி வச்சுக்கங்க, எழுத்துல வாங்குற வரைக்கும் அது முடிவு இல்ல.

புது மெயில் வந்தா அந்தக் கேள்விக்குக் கீழ முதல் வரியா அத எழுதுங்க, பழைய வரிய அழிக்காம அதுக்குக் கீழ தள்ளுங்க, மேல இருக்கிற நிலவரத் தேதிய மாத்துங்க. ஒரு கேள்வி எத்தனை தடவ திரும்பித் திரும்பி வந்திருக்குன்னு பாத்தாலே எது இன்னும் உறுதியாகலேன்னு தெரிஞ்சிடும்.

கடைசியா, சுருக்கம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர மூடிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் இத மட்டும் யோசிங்க, இந்த வேலை முடியணும்னா என்னென்ன நடக்கணும், அதுல எது இந்தப் பக்கத்துல இல்லவே இல்லன்னு. திரெட்டுல பேசாதது திரெட்ட எத்தனை தடவ படிச்சாலும் கிடைக்காது. எங்க 74 மெயில்ல எடை முத்திரையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. 1972 எடை அளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்கு எடை போடுற தராச சோதிச்சு முத்திரை குத்தின பிறகுதான் அதுல எடை போட்டு காசு கொடுக்கலாம். புது தராசு வந்து உட்கார்ந்தாலும் முத்திரை இல்லாம முதல் லோரிய ஏத்த முடியாது. அதுக்கு யாரு விண்ணப்பம் போடுறது, குத்தகைக்காரரா ஆலையா, அது வர்ற வரைக்கும் லோரிய எங்க எடை போடுறதுன்னு யாருமே கேக்கல. நான் அத ஆறாவது கேள்வியா பக்கத்தோட அடியில எழுதினேன், அதுக்குப் பக்கத்துல மெயில் தேதி போடுற இடத்துல "திரெட்டுல இல்ல"ன்னு போட்டேன். உங்க பாய்லருக்கும் இன்ஸ்பெக்‌ஷன், சான்றிதழ் எல்லாம் வரும், திரெட்டுல "certificate"னு தேடிப் பாருங்க. ஒண்ணும் வரலேன்னா உங்க பக்கத்துலயும் அந்த வரிய எழுதுங்க, திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட கேக்கிற கேள்வியில அத முதல்ல வைங்க.